0.06-ஐ எந்த எண்ணோடு பெருக்குவது?

கொங்குப் பகுதியில் போர் போட்டு, பம்பு இறக்கிச் சோதித்து முடித்ததும் விவசாயியின் கையில் ஒரு துண்டுச் சீட்டு வந்து சேர்கிறது. ஆழம் இத்தனை அடி, கேசிங் இத்தனை அடி, தண்ணீர் நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று அதில் எழுதியிருக்கும். அந்தச் சீட்டோடு சொட்டுநீர்ச் சாமான் விற்கும் கடைக்குப் போனால், அங்கே கேள்வி வேறு மாதிரி வருகிறது: “மணிக்கு எத்தனை கன மீட்டர் வருதுங்க?”

கடைக்காரர் வேண்டுமென்றே குழப்பவில்லை. அவர் விற்கும் மணல் வடிகட்டியின் திறன் மணிக்கு இத்தனை கன மீட்டர் என்றுதான் அச்சாகியிருக்கிறது. குழாயில் பொருத்தும் தண்ணீர் மீட்டர் கன மீட்டரைத்தான் எண்ணுகிறது. பம்பு நிறுவனங்களின் விவரப் புத்தகத்தில் உள்ள வரைபடங்களும் பெரும்பாலும் அதே அளவைத்தான் காட்டுகின்றன. போர் வண்டிக்காரர் நிமிடத்தில் பேசுகிறார், கடைக்காரர் மணியில் பேசுகிறார். நடுவில் நிற்கும் விவசாயிதான் ஒன்றை மற்றொன்றாக மாற்றியாக வேண்டும்.

மாற்றுவது ஐந்தாம் வகுப்புக் கணக்கு. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டராக உள்ள தொட்டியில் 1000 லிட்டர் பிடிக்கும். அதுவே ஒரு கன மீட்டர். ஒரு மணிக்கு 60 நிமிடம். ஆகவே நிமிடக் கணக்கை 60-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் 0.06-ஆல் பெருக்கினால் போதும். நிமிடத்துக்கு 100 லிட்டர் என்றால் மணிக்கு 6 கன மீட்டர். இந்த ஒரு சோடியை நினைவில் வைத்திருப்பவர் மற்றதையெல்லாம் விரல்விட்டே சொல்லிவிடலாம்: 50 என்றால் 3, 150 என்றால் 9, 200 என்றால் 12.

இதிலும் சறுக்குபவர்கள் உண்டு. 60-ஆல் பெருக்குவதற்குப் பதில் வகுத்துவிட்டால் 160 லிட்டர் 2.67 ஆகிவிடும். பார்வைக்கு நம்பும்படியான எண்தான். ஆனால் அது நொடிக்கு எத்தனை லிட்டர் என்ற கணக்கு. சில பம்புகளின் தகட்டில் நொடிக் கணக்கே பொறிக்கப்பட்டிருப்பதால் இந்தக் குழப்பம் எளிதில் கண்ணில் படுவதில்லை. நொடிக் கணக்கைக் கன மீட்டராக்க 3.6-ஆல் பெருக்க வேண்டும். 2.67-ஐ அப்படிப் பெருக்கினால் 9.6 வரும்; 160-ஐ 0.06-ஆல் பெருக்கினாலும் அதே 9.6.

கணக்கு அவ்வளவுதான். விவகாரம் அதற்கு முந்தைய இடத்தில் இருக்கிறது. சோதனை நடந்த எட்டு மணி நேரத்தில் போர் ஒரே அளவில் தண்ணீர் கொடுத்திருக்காது. நிமிடக் கணக்கு ஒன்றல்ல, ஏழெட்டு இருக்கும். அவற்றில் எதை 0.06-ஆல் பெருக்குவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள்.

ஒரு மாதிரிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். பல்லடம், பொங்கலூர் பக்கத்துத் தென்னந்தோப்பு. ஆறரை அங்குலப் போர், 600 அடி ஆழம். பம்பு ஓடாமல் இருக்கும்போது தண்ணீர் மட்டம் தரையிலிருந்து 150 அடியில் நிற்கிறது. சோதனைக்காக 500 அடியில் நீர்மூழ்கி மோட்டாரை இறக்கி, வெளிக்குழாய்க்குக் கீழே 200 லிட்டர் டிரம்மை வைத்து, அது நிறையும் நேரத்தைக் கைப்பேசியின் ஸ்டாப் வாட்சில் எடுக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் கூடவே தண்ணீர் மட்டத்தையும் அளக்கிறார்கள்.

ஐந்தாவது நிமிடத்தில் டிரம் 75 நொடியில் நிறைகிறது. நிமிடத்துக்கு 160 லிட்டர், மணிக்கு 9.6 கன மீட்டர். சுற்றி நிற்பவர்கள் முகத்தில் மகிழ்ச்சி. மட்டம் 205 அடிக்கு இறங்கியிருக்கிறது. அரை மணியில் டிரம் நிறைய 88 நொடி ஆகிறது. மட்டம் 310 அடி. ஒரு மணி நேரத்தில் 100 நொடி, அதாவது 120 லிட்டர். மட்டம் 360 அடி. நான்காவது மணியில் 120 நொடி. மட்டம் 405 அடி. ஆறாவது மணியில் 125 நொடி. மட்டம் 412 அடி. எட்டாவது மணியிலும் அதே 125 நொடி, அதே 412 அடி. இப்போது கணக்கு நிமிடத்துக்கு 96 லிட்டர், மணிக்கு 5.76 கன மீட்டர்.

ஒரே போர், ஒரே நாள். காலையில் எடுத்த கணக்குப்படி 9.6, மாலைக் கணக்குப்படி 5.76. இரண்டும் சரியாகப் பெருக்கப்பட்டவைதான். ஆனால் தோப்புக்கு உதவுவது பின்னது மட்டுமே.

முதல் எண் ஏன் பொய் சொல்கிறது? இரண்டு காரணங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. முதலாவது, துளைக்குள் ஏற்கெனவே தேங்கி நிற்கும் தண்ணீர். ஆறரை அங்குலத் துளையில் ஓர் அடி உயரத்துக்கு ஆறரை லிட்டர் தண்ணீர் நிற்கும். அங்குலமும் லிட்டரும் இங்கே தற்செயலாக ஒத்துப்போகின்றன. நினைவில் வைக்க வசதி. நாலரை அங்குலத் துளைக்கு இது பொருந்தாது, அதில் அடிக்கு மூன்று லிட்டர் சொச்சம்தான். நம் மாதிரிப் போரில் மட்டம் 150-லிருந்து 412 அடிக்கு, அதாவது 262 அடி இறங்கியது. அவ்வளவு உயரத்தில் நின்றது சுமார் 1700 லிட்டர். நிமிடத்துக்கு 160 லிட்டர் வீதம் அது பத்தரை நிமிடத் தண்ணீர். பாறை ஒரு சொட்டும் தராவிட்டால்கூட முதல் பத்து நிமிடம் பம்பு தண்ணீரை ஊற்றிக்கொண்டுதான் இருக்கும். கையிருப்பைச் செலவழித்துவிட்டு அதை வருமானம் என்று எழுதுவதுபோல்தான் அந்த முதல் எண்.

இரண்டாவது காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. நீர்மூழ்கிப் பம்பு எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீரைத் தள்ள வேண்டுமோ அதைப் பொறுத்து அது தரும் அளவு மாறும். மட்டம் 205 அடியில் இருந்தபோது பம்பு 205 அடிதான் தூக்கியது. 412 அடிக்கு இறங்கியதும் ஏறக்குறைய இரண்டு மடங்கு தூக்க வேண்டியிருந்தது. அதனால் அளவு குறைந்தது. ஆக, ஐந்தாவது நிமிடத்து 160 லிட்டர் அந்தப் பம்பைப் பற்றிய செய்தி. பாறையைப் பற்றி அது அனேகமாக எதுவுமே சொல்லவில்லை.

தமிழகத்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடினப் பாறைப் பகுதி. கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், தருமபுரி எல்லாம் அதில் வரும். காவிரி டெல்டாவின் மணல் படுகையில் தண்ணீர் நாலா பக்கமிருந்தும் கசிந்து வரும். பாறையில் அப்படியில்லை. மேலே சிதைந்த பாறை அடுக்கில் கொஞ்சமும், கீழே விரிசல்களில் கொஞ்சமுமாகத்தான் கிடக்கிறது. மட்டம் இறங்கும்போது ஒரு விரிசல் தண்ணீருக்கு மேலே வெளிப்பட்டுவிட்டால் அதன் பங்கு அதற்குமேல் கூடாது. அதன் பின்னால் உள்ள இருப்பு தீர்ந்தால் மெல்லக் குறையவும் செய்யும். இதனால்தான் பாறைப் பகுதியில் அரை மணி நேரச் சோதனையை நம்ப முடியாது. அளவும் மட்டமும் இரண்டுமே ஓரிடத்தில் நிலைத்து, இரண்டு மணி நேரமாவது அசையாமல் நின்ற பிறகு கிடைக்கும் எண்ணைத்தான் பெருக்க வேண்டும்.

“இரண்டுமே” என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. டிரம் நிறையும் நேரம் மாறாமல் இருந்து, மட்டம் மட்டும் மணிக்குப் பத்து அடி இறங்கிக்கொண்டிருந்தால் அந்தப் போர் இன்னும் நிலைக்கவில்லை. மட்டம் பம்பைத் தொட்டுவிட்டால் வெளிக்குழாயில் தண்ணீர் விட்டுவிட்டு, காற்றோடு சீறி வரும். ஸ்டார்ட்டர் பெட்டியில் உள்ள அம்மீட்டர் முள் ஆடும். அப்போது செய்ய வேண்டியது வால்வைக் கொஞ்சம் மூடி, குறைந்த அளவில் சோதனையைத் தொடர்வது. காற்றும் தண்ணீருமாக வந்ததை டிரம்மில் பிடித்துச் சராசரி போடுவது கணக்கே அல்ல.

தவறான எண்ணைப் பெருக்கினால் தோப்பில் என்ன நடக்கும்? ஒரு தென்னைக்கு மணிக்கு 8 லிட்டர் விடும் சொட்டுவான்கள் நான்கு என்று வைத்துக்கொள்வோம். மரத்துக்கு மணிக்கு 32 லிட்டர். 9.6 கன மீட்டர் என்பது 9600 லிட்டர். அதை நம்பி வரைபடம் போடுபவர் ஒரே நேரத்தில் 300 மரங்களுக்கு ஒரு வால்வு வைப்பார். உண்மையில் வரும் 5760 லிட்டரோ 180 மரங்களுக்குத்தான் ஈடுகொடுக்கும். காலையில் மோட்டார் போட்டதும் எல்லாச் சொட்டுவான்களும் ஒழுங்காகச் சொட்டும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் வரப்போரத்துக் கடைசி வரிசைகளில் குழாய் தொளதொளத்துக் கிடக்கும். அடைப்பு என்று நினைத்து ஆசிட் விட்டுக் கழுவுவார்கள், வடிகட்டியை மாற்றுவார்கள். குறை அங்கே இல்லை, சீட்டில் எழுதிய எண்ணில் இருக்கிறது. மோட்டார் போட்ட சிறிது நேரத்துக்கு மட்டும் எல்லாம் சரியாக இருந்து, பிறகு கடைசி வரிசைகள் காய்வதே இதற்கு அடையாளம். அடைப்பாக இருந்தால் தொடக்கத்திலிருந்தே சொட்டாது.

சரியான நேரத்தில் அளந்தாலும், அளக்கும் பாத்திரம் காலை வாரலாம். டிரம் கிடைக்காத இடத்தில் 10 லிட்டர் வாளியை வைப்பார்கள். நிமிடத்துக்கு 100 லிட்டர் வரும் குழாயில் அந்த வாளி 6 நொடியில் நிறைந்துவிடும். ஸ்டாப் வாட்சை ஒரு நொடி முன்னால் அமுக்கிவிட்டால் கணக்கு 120 லிட்டர். ஒரு நொடி தாமதித்தால் 86. கன மீட்டரில் சொன்னால் 7.2-க்கும் 5.1-க்கும் நடுவில் எங்கோ. 200 லிட்டர் டிரம்மில் இதே ஒரு நொடிப் பிசகு ஒரு லிட்டர் வித்தியாசம்கூடத் தராது. ஆகவே பாத்திரம் பெரிதாக இருப்பது முக்கியம், நிறைய ஒரு நிமிடமாவது எடுக்க வேண்டும். டிரம்மும் உண்மையில் எவ்வளவு பிடிக்கும் என்பதை ஒருமுறை சரிபார்த்து, 200 லிட்டர் மட்டத்தில் கோடு போட்டுக்கொள்வது நல்லது. விளிம்பு வரை நிரப்பினால் பல டிரம்களில் அதற்கு மேலும் பிடிக்கும்.

டிரம் வைத்து அளப்பவர்களுக்குக் குறுக்கு வழி ஒன்று இருக்கிறது. நிமிடக் கணக்குக்கே போகாமல், 720-ஐ டிரம் நிறைந்த நொடிகளால் வகுத்தால் நேராக மணிக்கு எத்தனை கன மீட்டர் என்பது வந்துவிடும். 720-ஐ 125-ஆல் வகுத்தால் 5.76. இது 200 லிட்டருக்கு மட்டும் பொருந்தும். 100 லிட்டர் பாத்திரம் என்றால் 720-க்குப் பதில் 360.

தண்ணீர் மீட்டர் பொருத்த முடிந்தால் இந்த வேலையும் மிச்சம். அதில் கறுப்பு இலக்கங்கள் முழுக் கன மீட்டர், சிவப்பு இலக்கங்கள் அதன் பின்னங்கள். ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை படித்துக் கழித்தால் விடை. அங்கேயும் எந்த ஒரு மணி நேரம் என்ற கேள்வி தப்பாது. நம் மாதிரிப் போரின் முதல் மணி நேரத்தில் மீட்டர் 8-ஐத் தாண்டிக் காட்டும், கடைசி மணி நேரத்தில் 5.76 காட்டும்.

இனி அங்குலத் தண்ணீர். திருச்செங்கோட்டு வண்டிகள் இந்தியா முழுவதும் போர் போடுகின்றன. அவற்றில் வேலை செய்பவர்கள் “ரெண்டு இஞ்ச் தண்ணி, மூணு இஞ்ச் தண்ணி” என்றே பேசுவார்கள். துளையிட்டு முடிந்ததும் கம்ப்ரசர் காற்றால் வெளியே தள்ளப்படும் தண்ணீரை வி வடிவ வெட்டு உள்ள தகட்டின் வழியே விட்டு, வெட்டின் கூர்முனைக்கு மேல் எத்தனை அங்குலம் நிற்கிறது என்று பார்ப்பது வழக்கம். வெட்டு செங்கோணமாக இருந்தால் ஓர் அங்குலத்துக்கு நிமிடத்துக்குச் சுமார் எட்டரை லிட்டர். இரண்டு அங்குலம் என்றால் 17 என்று நினைத்துவிடக் கூடாது. உயரம் கூடும்போது வெட்டின் அகலமும் தண்ணீரின் வேகமும் சேர்ந்தே கூடுவதால், இரண்டு அங்குலத்துக்குச் சுமார் 48 லிட்டர், மூன்றுக்கு 133 லிட்டர். கன மீட்டரில் முறையே 2.9, 8. “இரண்டா மூன்றா, ஏதோ அரை அங்குலம் முன்னே பின்னே” என்று கண்ணால் மதிப்பிடுவது எவ்வளவு ஆபத்தானது என்பதை இந்த எண்களே காட்டிவிடும். வெட்டின் வாயிலேயே அளந்தாலும் தவறு. அங்கே தண்ணீர் வளைந்து தாழ்ந்து விழும். சற்றுப் பின்னால், நீர்ப்பரப்பு தட்டையாக இருக்கும் இடத்தில்தான் உயரத்தைப் பார்க்க வேண்டும்.

எவ்வளவு சரியாக அளந்தாலும் கம்ப்ரசர் கணக்கு பம்பு சோதனைக்கு ஈடாகாது. காற்று, துளையின் அடிவரை உள்ள தண்ணீரை விட்டு விட்டுக் கிளப்பும். அது ஓடுவதும் கொஞ்ச நேரம்தான். போருக்குப் பம்பு வாங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க அது போதும். எந்தப் பம்பு என்று முடிவெடுக்கப் போதாது.

எட்டு மணி நேரமும் கூடவே நிற்க முடியாதவர், தனக்குச் சொல்லப்பட்ட எண் உண்மைதானா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. மோட்டாரை நிறுத்திய கணத்திலிருந்து மட்டம் ஏறுவதைக் கவனிப்பது. பாறையிலிருந்து நிமிடத்துக்கு 96 லிட்டர் வந்துகொண்டிருந்தது உண்மையானால், பம்பு நின்றபின்னும் முதல் நிமிடத்தில் அதே அளவை ஒட்டித்தான் துளைக்குள் வரும். அடிக்கு ஆறரை லிட்டர் வீதம் மட்டம் 15 அடி ஏற வேண்டும். உள்ளே குழாய் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதால் இன்னும் ஓரிரு அடி கூடவே ஏறும். ஐந்தாறு அடிதான் ஏறியது என்றால் சொன்ன எண் அளவுக்குப் பாறை தரவில்லை, துளையின் இருப்பும் சேர்ந்து வெளியே வந்திருக்கிறது. பம்பின் மேலுள்ள தடுப்பு வால்வு ஒழுகினால் குழாய்த் தண்ணீர் திரும்ப உள்ளே விழுந்து இந்தக் கணக்கைக் கெடுத்துவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

கிடைத்த 5.76-ஐ அப்படியே பம்பு வாங்கப் பயன்படுத்தலாமா? வாங்காமலிருப்பதே நல்லது. வடகிழக்குப் பருவமழை முடிந்த தை மாதத்தில் எடுத்த எண் சித்திரையில் இருக்காது. மட்டம் கீழே போகப் போக மேல் விரிசல்கள் வறளும். சோதனை எண்ணில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு மீதிக்குப் பம்பு தேர்ந்தெடுப்பது நியாயமான எச்சரிக்கை. நம் மாதிரிப் போருக்கு அது மணிக்கு 4.6 கன மீட்டர். பம்பு விற்பவரின் அட்டவணை நிமிடக் கணக்கில் இருந்தால் திரும்பப் போக 0.06-ஆல் வகுக்க வேண்டும்: சுமார் 77 லிட்டர். சோதனை கோடையில் நடந்திருந்தால் இவ்வளவு கழிக்கத் தேவையில்லை.

அட்டவணையில் அளவோடு உயரத்தையும் பார்க்க வேண்டும். “மணிக்கு 4.6 கன மீட்டர் தரும் பம்பு” என்று கேட்டால் பாதிக் கேள்விதான் கேட்டிருக்கிறோம். 150 அடியில் 4.6 தரும் பம்பு 412 அடியிலிருந்து தண்ணீரை மேலே கொண்டுவராமலே போகலாம். ஓடும்போது நிற்கும் மட்டம், அதற்கு மேல் தொட்டியின் உயரம், குழாயில் இழக்கும் அழுத்தம், சொட்டுநீர் வடிகட்டிக்குத் தேவையான அழுத்தம் எல்லாம் கூட்டி, அந்த உயரத்தில் 4.6 தருவது எது என்று கேட்க வேண்டும். ஓடாதபோது நிற்கும் 150 அடியை வைத்துப் பம்பு வாங்கியவர்கள், மட்டம் இறங்கியதும் வெளியே வரும் தண்ணீர் மெலிந்து போவதைப் பார்த்துப் போர் வற்றிவிட்டது என்று முடிவு கட்டிவிடுவதுண்டு.

ஆகவே அடுத்த முறை பம்பு சோதனைக்குப் பணம் கொடுக்கும்போது சீட்டில் ஒரு எண்ணோடு விட்டுவிடாதீர்கள். கடைசி இரண்டு மணி நேரத்தில் டிரம் நிறைந்த நொடிகள், அப்போது தண்ணீர் நின்ற மட்டம், மொத்தம் ஓட்டிய நேரம், நிறுத்திய முதல் நிமிடத்தில் மட்டம் ஏறிய அடி, சோதனை நடந்த மாதம் இவற்றை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 0.06-ஆல் பெருக்குவதைக் கடைக்காரரே செய்துகொள்வார்.